ரெஸ்யூமில் "தினம் 150 எக்ஸ்ரே, 40 சிடி, 20 எம்ஆர்ஐ" என்று போட்டிருக்கிறேன், சரியா?

கருங்கல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரேடியோ டயக்னாஸிஸ் டெக்னாலஜி டிப்ளமோ முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 4 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. அதற்குப் பிறகு வளைகுடாவுக்கும் முயற்சி செய்யலாம் என்று ஒரு எண்ணம். ரெஸ்யூமில் முக்கியமான வரிகளை மட்டும் இங்கே போடுகிறேன். ஆங்கிலத்தில்தான் அடித்திருக்கிறேன், உங்களுக்காகத் தமிழில்:

கையாளும் கருவிகள்: எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம், சி-ஆர்ம், ஓபிஜி.
பணி அளவு: தினம் 150 எக்ஸ்ரே, 40 சிடி, 20 எம்ஆர்ஐ.
கதிர்வீச்சுப் பாதுகாப்பு: அலாரா கொள்கையில் நல்ல அறிவு. ஆண்டு டோஸ் வரம்பு 20 மில்லிசீவர்ட் என்பது தெரியும்.
பராமரிப்பு: சிடி, எக்ஸ்ரே மெஷின்களின் பராமரிப்பு மற்றும் சர்வீஸ்.

இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா? நண்பர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

வடசேரி வாலிபன்

நல்லாத்தான் இருக்கு ப்ரோ. எண் பெரிசா இருந்தால்தான் எச்ஆர் கண்ணில் படும். நான் போன வருடம் "தினம் 200 எக்ஸ்ரே" என்று போட்டுத்தான் அழைப்பு வாங்கினேன். ஆனால் ஒன்று, வெறுமனே சிடி என்று போடாதீர்கள். எத்தனை ஸ்லைஸ் என்று போடுங்கள். எக்ஸ்ரே என்றால் சிஆரா டிஆரா என்று போடுங்கள். அவர்களிடம் இருக்கிற மெஷினும் நம் மெஷினும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

பழைய டார்க்ரூம்

வாலிபன் சொன்னதில் ஸ்லைஸ் விஷயம் முழுக்கச் சரி. எண் விஷயம் எனக்கு ஒப்பவில்லை.

நான் 28 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டெவலப்பரில் கை நனைத்து ஃபிலிம் கழுவிய கடைசிக் கூட்டம் நாங்கள். இப்போது டெக்னீஷியன் எடுக்கும் இன்டர்வியூக்களில் ரேடியாலஜிஸ்ட் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைக்கிறார்கள். தம்பி, உன் ரெஸ்யூம் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போடுவேன்.

ஒரு எக்ஸ்ரேக்கு, ஆளைக் கூப்பிட்டு, நகையைக் கழற்றச் சொல்லி, நிறுத்தி, எடுத்து, அனுப்ப, வேகமாகச் செய்தாலும் 3 நிமிடம். 150 எக்ஸ்ரேக்கு 450 நிமிடம். சிடி ஒன்றுக்குச் சராசரி 10 நிமிடம் என்றால் 40 சிடிக்கு 400. எம்ஆர்ஐ ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் 20-க்கு 500. கூட்டினால் 1,350 நிமிடம், அதாவது இருபத்திரண்டரை மணி நேரம். உன் டூட்டி 8 மணி நேரம், 480 நிமிடம். நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்க மாட்டேன். டிபார்ட்மென்ட் மொத்தக் கணக்கை உன் கணக்காக எழுதிவிட்டாய் என்றுதான் நினைப்பேன். ஆனால் எல்லா மேசையிலும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

மூன்று கேள்வி. 150 என்பது 150 ஆளா, 150 படமா? அதை நீ ஒருவனே எடுத்தாயா, மூன்று ஷிப்டும் சேர்த்தா? எம்ஆர்ஐ உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறதா?

குளச்சல் கடலோரம்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் எடுக்கலாம்? என் அப்பா பைக்கில் விழுந்து தலையில் அடி. காலையில் ஒரு சிடி எடுத்தார்கள், சாயங்காலம் திரும்பவும் தலைக்கே இன்னொரு சிடி. ஒரே நாளில் இரண்டு என்றால் ஆபத்து இல்லையா? காசு பார்க்கத்தான் செய்கிறார்களா?

பழைய டார்க்ரூம்

நண்பரே, இங்கே பேச்சு டெக்னீஷியன் வேலை அளவைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். தலையில் அடிபட்டவருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் சிடி எடுப்பது வழக்கம்தான். உள்ளே ரத்தக்கசிவு பெருகுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று இரண்டாவது படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நோயாளிக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு கிடையாது, தேவையா இல்லையா என்பதுதான் கணக்கு. உங்கள் அப்பாவுக்குத் தேவைப்பட்டதா என்று படத்தைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. டாக்டரிடமே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

கருங்கல்காரன்

சார், உண்மையைச் சொல்கிறேன். 150 என்பது ஒரு திங்கட்கிழமை கன்சோலில் பார்த்த எண். மூன்று ஷிப்டும் சேர்த்து, அதுவும் படக் கணக்கு. சிடி 40 என்பது ஒரு பஸ் விபத்து நாளில் 38 வந்தது, அதை 40 ஆக்கினேன். எம்ஆர்ஐ எங்களிடம் கிடையாது. டிப்ளமோ பயிற்சியின்போது ஒரு ஸ்கேன் சென்டரில் 2 மாதம் எம்ஆர்ஐயில் நின்றேன். மேமோகிராமும் அங்கே பார்த்ததுதான். ஓபிஜி மட்டும் எங்களிடம் இருக்கிறது, வாரத்துக்கு நாலைந்து வரும்.

அப்படியானால் என் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டார்க்ரூம்

வெளிப்படையாகச் சொன்னதற்குச் சந்தோஷம் மக்கா. வழி எளிது. பதிவேட்டில் டெக்னீஷியன் கையெழுத்துக் கட்டம் இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் உன் இனிஷியல் இருக்கிற வரிகளை மட்டும் எண்ணு. எத்தனை நாள் எக்ஸ்ரே டூட்டி, எத்தனை நாள் சிடி டூட்டி என்று தனியாகப் பிரி. லீவு, நைட் முடிந்த ஆஃப் எல்லாம் கழித்துவிடு. ஆள் கணக்கை ஒரு பக்கமும் படக் கணக்கை ஒரு பக்கமும் போடு. இரண்டு முழங்காலும் நேர், பக்கவாட்டு என்றால் ஒரு ஆள், நாலு படம். சிடியில் மூன்று கட்டமாக எடுக்கிற வயிற்று கான்ட்ராஸ்ட் கேஸையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், மூன்றாக இல்லை.

மூன்று மாதம் எதற்கு என்றால், ஒரு மாதம் மட்டும் எடுத்தால் மழைக்காலக் காய்ச்சல் சீசனில் நெஞ்சு எக்ஸ்ரேயாகக் குவிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் எண்ணு. கன்சோலில் ரிஜெக்ட் பட்டியல் இருக்கும், தூக்கிப் போட்ட படங்கள். அதையும் உன் பெயரில் எடு.

தக்கலை சேச்சி

நான் தக்கலைக்காரி, மஸ்கட்டில் சிடி பார்க்கிறேன், 9 வருடம் ஆகிறது. வளைகுடா என்று சொன்னதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன் தம்பி. அங்கே டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. உன் சர்டிபிகேட்டை அவர்கள் உன்னிடம் கேட்பதோடு விடமாட்டார்கள், நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள். ரெஸ்யூமில் எம்ஆர்ஐ இருந்து, ஆஸ்பத்திரி கொடுக்கிற எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் வெறும் "எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்று இருந்தால் அங்கே கேள்வி வரும்.

எனக்கு நடந்தது. என் முதல் ஆஸ்பத்திரியில் லெட்டர் கொடுத்தபோது "ரேடியாலஜி உதவியாளர்" என்று போட்டுவிட்டார்கள். நான் தனியாக நைட்டில் சிடி ஓட்டியவள். அப்போது படித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். திருத்தி வாங்க ஐந்து மாதம் அலைந்தேன், மேனேஜர் மாறிவிட்டார், பழைய ரோஸ்டர் இல்லை என்றார்கள். அதனால் நீ ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே லெட்டரின் வாசகத்தைக் கேட்டு வாங்கு. பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்தெந்தக் கருவி. இந்த நாலும் ரெஸ்யூமில் உள்ளபடியே அதிலும் இருக்க வேண்டும்.

எம்ஆர்ஐயை எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். "பயிற்சி, 2 மாதம், மேற்பார்வையில்" என்று கல்விக்குக் கீழே போடலாம்.

பழைய டார்க்ரூம்

சேச்சி சொல்வதில் எனக்கு அரை மனசு. அவன் போகிற இடத்தில் எம்ஆர்ஐ இருக்கிறது. வரியைப் பார்த்ததும் அங்கேதான் கேள்வி தொடங்கும். 2 மாதம் நின்றவனிடம் சீக்வன்ஸ் பற்றிக் கேட்டால் என்ன சொல்வான்? போன தடவை ஒரு பையன் "எம்ஆர்ஐ அனுபவம் உண்டு" என்று எழுதியிருந்தான். பாதுகாப்புக்கு என்ன செய்வாய் என்று டாக்டர் கேட்டார். "லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு உள்ளே போவேன் சார்" என்றான். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரேயே கிடையாது, இருப்பது காந்தம். அங்கே கேட்க வேண்டியது பேஸ்மேக்கர் இருக்கிறதா, கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா, பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்பதுதான். பையன் சிடியில் நல்ல கெட்டிக்காரன், ஆனால் அந்த ஒரு பதிலுக்குப் பிறகு யாரும் அவனைச் சிடி பற்றிக் கேட்கவே இல்லை.

தக்கலை சேச்சி

அது அந்தப் பையன் தயாராகாமல் போனது. எழுதியதில் என்ன தவறு? நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை சார்.

மணவாளக்குறிச்சி மணல்

டிஎல்டி பேட்ஜ் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கிறேன். போன வருடம் ஒரு காலாண்டில் எனக்கு மட்டும் 0.40 மில்லிசீவர்ட் என்று ரிப்போர்ட் வந்தது. கூட வேலை பார்க்கிற இருவருக்கும் பூஜ்ஜியம். நான்தான் பாதுகாப்பில்லாமல் வேலை செய்கிறேன் என்று எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இதையெல்லாம் ரெஸ்யூமில் எழுத வேண்டுமா?

வடசேரி வாலிபன்

எழுதவே கூடாது. பூஜ்ஜியம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். "4 வருடம் ஜீரோ டோஸ்" என்று போட்டால் பாதுகாப்பாக வேலை செய்கிறவர் என்று தெரியும்.

பழைய டார்க்ரூம்

பூஜ்ஜியம் இரண்டு விதமாக வரும். ஒழுங்காக வேலை செய்தாலும் வரும், பேட்ஜை மேசை டிராயரில் பூட்டிவிட்டு வேலை பார்த்தாலும் வரும். தியேட்டரில் வாரம் நாலு நாள் சி-ஆர்ம் பார்க்கிறவருக்கு வருடக்கணக்கில் சுத்தமான பூஜ்ஜியம் என்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

தங்கச்சி, உங்களிடம் ஒரு கேள்வி. டூட்டி முடிந்தபின் பேட்ஜ் எங்கே இருக்கும்?

மணவாளக்குறிச்சி மணல்

யூனிஃபார்ம் பாக்கெட்டிலேயே குத்தி வைத்திருப்பேன் சார். அப்படியே வீட்டுக்குப் போகும். வீட்டில் யூனிஃபார்ம் கடல் பக்கத்து அறையில் ஆணியில் தொங்கும். மறந்துபோய்விடக் கூடாது என்றுதான் அப்படி.

பழைய டார்க்ரூம்

அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். மணல் ஆலை அங்கே முதலில் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கடலோரப் பட்டையில் இயற்கைக் கதிர்வீச்சு நாகர்கோவில் ஊருக்குள் இருப்பதைவிடக் கூடுதல். இப்போது பாருங்கள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் யாரும் அணியாத ஒரு கன்ட்ரோல் பேட்ஜ் வரும். அது கதிர் படாத அறையில் தொங்கும். ஆய்வகத்தில் அதன் அளவை இயற்கைப் பின்னணி என்று வைத்து மற்ற பேட்ஜ்களிலிருந்து கழிப்பார்கள். உங்கள் கன்ட்ரோல் பேட்ஜ் ஆஸ்பத்திரியில் தூங்கியது, உங்கள் பேட்ஜ் மூன்று மாதம் ஒவ்வொரு ராத்திரியும் மணலுக்குப் பக்கத்தில் தூங்கியது. கழித்தபின் மிஞ்சுவது உங்கள் பெயரில் ஏறும்.

அதற்காகத்தான் டூட்டி முடிந்ததும் எல்லா பேட்ஜையும் கன்ட்ரோல் பேட்ஜ் இருக்கிற அதே ஸ்டாண்டில் மாட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

மணவாளக்குறிச்சி மணல்

அடுத்த காலாண்டு ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தோம் சார், எங்கள் ஆர்எஸ்ஓவும் அதையேதான் சொன்னார். பூஜ்ஜியம் வந்தது. ஆனால் அதே காலாண்டில் போர்ட்டபிள் எக்ஸ்ரே வேலையையும் எனக்குப் பதில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மணலா போர்ட்டபிளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பழைய டார்க்ரூம்

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் அப்படித்தான். இனிக் கண்டுபிடிக்க முடியாது. 0.40 பயப்படுகிற அளவும் இல்லை.

ரெஸ்யூமில் டோஸ் எண்ணே வேண்டாம் என்பது என் கருத்து. "2020 முதல் தொடர்ச்சியாக டிஎல்டி கண்காணிப்பில், காலாண்டு டோஸ் பதிவுகள் கைவசம்" என்றால் போதும். கேட்டால் எடுத்துக் காட்டு. வேலை மாறும்போது பழைய பெர்சனல் நம்பரைப் புது இடத்தில் கொடுக்க வேண்டும், அது உன்னோடேயே வருகிற எண். அதைக் கொடுக்காமல் புதிதாகப் பதிந்தால் உன் வாழ்நாள் கணக்கு இரண்டு துண்டாகிவிடும்.

கருங்கல் தம்பி, 20 மில்லிசீவர்ட் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் நம் நாட்டில் ஏஇஆர்பி வைத்திருக்கும் வரம்பு. அது சட்டம், உன் பழக்கம் இல்லை. நீ தினமும் செய்கிறதை எழுது.

கருங்கல்காரன்

நாலு நாள் கழித்து வருகிறேன். நைட் டூட்டியில் உட்கார்ந்து எண்ணினேன். மூன்று மாதத்தில் நான் டூட்டி பார்த்தது 74 நாள். அதில் எக்ஸ்ரே 40 நாள், சிடி 34 நாள்.

எக்ஸ்ரே: என் இனிஷியலில் 1,040 பேர், 2,184 படம். நாளுக்கு 26 பேர், சுமார் 55 படம்.
சிடி: 408 பேர், நாளுக்கு 12. இதில் கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்தது 96.
ரிஜெக்ட்: 142 படம். எடுத்த மொத்தம் 2,184-உம் 142-உம் சேர்த்து 2,326. அதில் 142 என்றால் 6.1 சதவீதம்.
தியேட்டரில் சி-ஆர்ம்: 22 கேஸ், எல்லாம் எலும்பு.

டிபார்ட்மென்ட் முழுக்கப் பார்த்தால் எக்ஸ்ரே நாளுக்கு 54 பேர், சிடி 21. 150-க்குப் பக்கத்தில் 26 என்று எழுத வெட்கமாக இருக்கிறது சார். பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன், நான் எண்ணியது சரியா என்று பாருங்கள்.

பழைய டார்க்ரூம்

முதலில் அந்தப் போட்டோவை எடுத்துவிடு. நோயாளிகளின் பெயரும் வயதும் போன் நம்பரும் அப்படியே தெரிகிறது. இன்டர்வியூக்கும் அதைக் கொண்டுபோகாதே, எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ.

26 வெட்கப்பட வேண்டிய எண் இல்லை. டூட்டிக்கு 26 ஆளை ஒருவன் தனியாகப் பார்க்கிறான் என்றால் எனக்கு அந்த டிபார்ட்மென்ட் கண்முன்னே தெரிகிறது. 150 என்றால் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 6.1. அந்த 142-இல் எது அதிகம்?

கருங்கல்காரன்

கழுத்து எலும்பு பக்கவாட்டுதான் சார். தோள் மறைத்து ஏழாவது எலும்பு தெரியாமல் போய்விடும். அடுத்தது முழங்கால் பக்கவாட்டு, கொஞ்சம் திரும்பிவிடும்.

வடசேரி வாலிபன்

ரிஜெக்டை எதற்கு எழுத வேண்டும்? நம் தவறை நாமே சொல்வதா? எங்கள் இடத்தில் ரிஜெக்ட் பூஜ்ஜியம்.

பழைய டார்க்ரூம்

வாலிபா, பூஜ்ஜியம் என்றால் ஒன்று, கெட்ட படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறீர்கள். இல்லை, கெட்ட படத்தையே ரிப்போர்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். நோயாளிக்கு இரண்டாவது தடவை கதிர் கொடுத்ததுதான் ரிஜெக்ட். அதைக் குறைக்கிறவன்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தெரிந்தவன், அலாரா என்று எழுதுகிறவன் இல்லை. தம்பி கழுத்துக்கு என்ன செய்கிறான் என்று கேட்பேன். இரண்டு கையிலும் எடையைப் பிடிக்கச் சொல்லித் தோளை இறக்கினேன், மூச்சை விட்டபின் எடுத்தேன் என்றால் அந்த நாற்காலி பாதி அவனுடையது. ஆனால் அடிபட்டு வந்த கழுத்துக்கு எடை கொடுத்தேன் என்று சொன்னால் போச்சு.

கருங்கல்காரன்

அடிபட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை சார், சிடிக்குச் சொல்லிவிடுவோம். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது கோனாட் ஷீல்ட் வைப்பதைப் பாதுகாப்புப் பகுதியில் எழுதலாமா?

தக்கலை சேச்சி

இங்கே நாங்கள் நிறுத்திவிட்டோம். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் வழக்கமாக வைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்டது. ஷீல்ட் இடம் மாறிப் பார்க்க வேண்டிய எலும்பை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டி வருகிறது. ஆட்டோ எக்ஸ்போஷர் போட்டிருந்தால் மெஷின் ஈயத்தைப் பார்த்துவிட்டு டோஸைக் கூட்டுகிறது.

பழைய டார்க்ரூம்

எங்கள் டாக்டர் இன்னும் வைக்கச் சொல்கிறார். பிள்ளையைக் கூட்டிவருகிற அம்மாக்களும் கேட்கிறார்கள். நான் பழைய ஆள், வைக்காமல் எடுக்கக் கை வரவில்லை. தம்பி, அதை எழுதாதே. காலிமேஷனை எழுது, அதில் யாரும் சண்டை போட மாட்டார்கள். போகிற ஆஸ்பத்திரியில் எது வழக்கம் என்று கேட்டுக்கொள்.

அப்புறம் "பராமரிப்பு மற்றும் சர்வீஸ்" என்ற வரி. சிடி கேன்ட்ரியின் மூடியைத் திறந்திருக்கிறாயா?

கருங்கல்காரன்

ஐயோ, இல்லை சார். கம்பெனி இன்ஜினியர்தான் திறப்பார். காலையில் ட்யூப் வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன் நான் போடுவேன். வாரம் ஒருமுறை தண்ணீர் ஃபேன்டம். சிஆர் இருந்தவரை பிளேட்டுகளைத் துடைப்பது, காலையில் இரேஸ் பண்ணுவது. ஏப்ரன்களை வருடத்துக்கு ஒருமுறை சி-ஆர்மில் வைத்து விரிசல் பார்ப்பது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை க்யூஏ செய்ய வருகிறவர்களோடு கூட நின்றிருக்கிறேன்.

பழைய டார்க்ரூம்

அப்படியானால் "சர்வீஸ்" என்ற சொல்லை அடித்துவிடு. இன்டர்வியூவில் பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே ட்யூப் எத்தனை தடவை மாற்றினாய் என்றுதான் வரும். நீ சொன்னதெல்லாம் தினசரிக் கவனிப்பு, அதுவே நல்ல வேலை. அதில் ஏதாவது ஒரு கோளாறை நீயாகக் கண்டுபிடித்ததுண்டா?

கருங்கல்காரன்

ஒன்று உண்டு. போன அக்டோபரில் ஒரு மூளை சிடியில் நடுவில் மங்கலாக ஒரு வட்டம். ஆள் அசைந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அடுத்த ஆளுக்கும் அதே இடத்தில் அதே வட்டம். நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஃபேன்டம் வைத்து எடுத்தேன், அதிலும் வட்டம். அப்போது ஆள் காரணம் இல்லை என்று தெரிந்தது. ஏர் கேலிப்ரேஷன் போட்டதும் போய்விட்டது. மூன்று நாள் கழித்துத் திரும்பவும் வந்தது. மூன்று நாள் ஃபேன்டம் படத்தையும் லாகில் குறித்து வைத்து இன்ஜினியருக்கு அனுப்பினேன். வந்து பார்த்துவிட்டு டிடெக்டர் மாட்யூல் ஒன்றை மாற்றினார். நடுவில் தண்ணீரின் எச்யூ மதிப்பும் 6 வரை போயிருந்தது, எங்கள் மெஷினுக்கு 4-க்குள் இருக்க வேண்டும்.

பழைய டார்க்ரூம்

இதை நாலு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தாயே! ரெஸ்யூமில் ஒரே ஒரு வரியாகப் போடு, நேரில் கேட்கட்டும். கேட்டால் இங்கே சொன்ன அதே வரிசையில் சொல்.

மணவாளக்குறிச்சி மணல்

அக்டோபர் மழையில் ரூம் ஈரப்பதம் காரணமாக இருக்குமோ? எங்களிடம் மழைக்காலத்தில் ஏசி நின்றால் மெஷின் எரர் காட்டும்.

கருங்கல்காரன்

இன்ஜினியரிடம் நானும் கேட்டேன். இருக்கலாம் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை.

மாற்றி எழுதியதைப் போடுகிறேன்:

கருவிகள்: எக்ஸ்ரே (2022 வரை சிஆர், பிறகு டிஆர்), 16 ஸ்லைஸ் சிடி, சி-ஆர்ம் (எலும்பு அறுவை), ஓபிஜி.
பயிற்சியில், மேற்பார்வையில்: எம்ஆர்ஐ, மேமோகிராம், 2 மாதம்.
பணி அளவு (கடைசி 3 மாதப் பதிவேட்டின்படி, தனிப்பட்ட எண்ணிக்கை): எக்ஸ்ரே டூட்டி நாளுக்குச் சராசரி 26 நோயாளிகள், 55 படங்கள். சிடி டூட்டி நாளுக்கு 12 நோயாளிகள், நான்கில் ஒன்று கான்ட்ராஸ்ட்.
பாதுகாப்பு: தொடர்ச்சியான டிஎல்டி கண்காணிப்பு, பதிவுகள் கைவசம். மறுபட விகிதம் 6%, காரணவாரியாகப் பதிவு. ஏப்ரன் விரிசல் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை.
கருவிக் கவனிப்பு: சிடி தினசரி வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன், வாராந்திர தண்ணீர் ஃபேன்டம், லாக் பராமரிப்பு. ஃபேன்டம் மூலம் டிடெக்டர் கோளாறைக் கண்டறிந்து சர்வீஸுக்கு அறிவித்தது.

வடசேரி வாலிபன்

எண் சின்னதாத்தான் இருக்கு. ஆனால் பஸ் விபத்து அன்று 38 சிடி என்பதையும் போடலாமே, "ஒரு நாளில் அதிகபட்சம்" என்று. அது பொய் இல்லையே?

பழைய டார்க்ரூம்

அந்த 38-இல் அவன் எடுத்தது எத்தனை என்று தெரிந்தால் போடலாம்.

கருங்கல்காரன்

அன்று நானும் இன்னொருவரும் மாறி மாறி நின்றோம், பாதிக்கு இனிஷியலே போடவில்லை. விட்டுவிடுகிறேன்.

தக்கலை சேச்சி

நான்கில் ஒன்று என்று போட்டிருக்கிறாய். 408-இல் 96 என்றால் நான்கில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. 96 என்றே போடு. அப்புறம் கான்ட்ராஸ்டுக்கு முன்னால் கிரியாட்டினின் பார்த்ததை யார் முடிவு செய்தது, ஊசி யார் போட்டது என்று நிச்சயம் கேட்பார்கள். எங்கள் இன்டர்வியூவில் கேட்டார்கள்.

கருங்கல்காரன்

ஊசி போடுவது நர்ஸ், இன்ஜெக்டர் ஓட்டுவது நான், கிரியாட்டினின் பார்த்து அனுமதிப்பது டாக்டர். அப்படியே சொல்கிறேன் அக்கா. வியாழன் 10 மணிக்கு இன்டர்வியூ.

குளச்சல் கடலோரம்

டாக்டரிடம் கேட்டேன். இரண்டாவது படத்தில் ரத்தம் பெருகவில்லை என்று சொன்னார், அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தம்பி, அந்த வட்டம் வந்த மெஷினில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரி எது?